ரத்து அறிவிப்பை எப்படி எழுதுவது?

"'சனிக்கிழமை பயிற்சி கேன்சல், சார் வரல, காசு அப்புறம் பாக்கலாம்' என்று குழுவில் அவசரமாகப் போட்டுவிட்டேன். மரியாதையாக எப்படி மாற்றுவது?"

ரத்து என்பதை முதல் வரியிலேயே வையுங்கள். வருத்தமும் நன்றியும் முன்னால் நின்றால் பாதி படித்துவிட்டுச் சிலர் கிளம்பி வந்துவிடுவார்கள். அப்புறம், "காசு அப்புறம்" என்பதுதான் பதற வைக்கும். அதற்கு நாள் குறியுங்கள்.

"வணக்கம். வரும் சனிக்கிழமை, 14ஆம் தேதி காலை 10 மணிப் பயிற்சி ரத்து செய்யப்படுகிறது. பயிற்சியாளருக்கு உடல்நலம் சரியில்லை. மாற்று ஆளும் கிடைக்கவில்லை. கட்டணம் முழுவதும் 20ஆம் தேதிக்குள் திரும்ப வரும். வராவிட்டால் எனக்குத் தெரிவியுங்கள். விடுப்பு எடுத்தவர்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறேன்."

உடல்நலம் பற்றி எழுதும் முன் அவரிடம் கேட்டுவிடுங்கள். அவர் விரும்பாவிட்டால் "வர இயலவில்லை" என்பதே போதும். புதிய தேதி முடிவாகும்வரை அதைத் தொடவே வேண்டாம்.