400 என்று போட்டு வாங்கிக் கட்டிக்கொண்ட கதை

கேள்வி: ஈரோட்டிலிருந்து ஆன்லைனில் துண்டும் பெட்ஷீட்டும் விற்கலாம் என்று இருக்கிறேன். எல்லாரும் 400 டிசி, 600 டிசி, எகிப்து காட்டன் என்று போடுகிறார்கள். உள்ளதை உள்ளபடி போட்டால் விற்குமா? எப்படி எழுதுவது?

பதில்:

உங்களுக்கும் குமாரபாளையத்திலோ சென்னிமலைப் பக்கமோ தெரிந்த தறிக்காரர் ஒருவர் இருப்பார். சரக்கோடு டிசி எண்ணையும், அதாவது ஓர் அங்குலத்தில் நீளவாக்கிலும் குறுக்கிலும் ஓடும் நூல்களின் கூட்டுத்தொகையையும், அவரே சொல்லியிருப்பார். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். அதனால் முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

முதல் வருடம் 90-க்கு 100 அங்குல டபுள் பெட்ஷீட் ஒன்று போட்டோம். தறிக்காரர் "400 டிசி-ன்னே போடுங்கக்கா, எல்லாரும் அப்படித்தானுங்க போடறாங்க" என்றார். போட்டேன். நன்றாகவும் போனது. ஒரு நாள் கோயம்புத்தூரிலிருந்து ஓர் அம்மா ஒற்றை நட்சத்திரம் கொடுத்து, "எண்ணிப் பார்த்தேன், 200 தான் இருக்கிறது" என்று எழுதிவிட்டார். ஸ்பின்னிங் மில்லில் குவாலிட்டி பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவராம். எனக்குக் கோபம்தான் வந்தது. தறி சத்தத்திலேயே பிறந்து வளர்ந்த எனக்கே பாடமா என்று.

அப்பா கைத்தறி சங்கத்தில் இருந்த காலத்துப் பிக் கிளாஸ் பீரோவில் கிடந்தது. ஓர் அங்குலச் சதுர ஓட்டை வைத்த மடிப்புக் கண்ணாடி அது. துணியை மேசையில் விரித்து, சுருக்கம் இல்லாமல் தடவி, ஊசி முனையால் ஒவ்வொரு நூலாகத் தள்ளித் தள்ளி அப்பாவே எண்ணினார். நீளவாக்கில் ஓடும் பாவு 110, குறுக்கே ஓடும் ஊடை 90. வேறு இரண்டு இடத்தில் எண்ணினார், ஒன்றிரண்டுதான் வித்தியாசம். அந்த அம்மா சொன்னது சரி.

அப்புறம் 400 எங்கிருந்து வந்தது? அப்பா ஒரு நூலை உருவி, முறுக்கைத் திருப்பினார். இரண்டாகப் பிரிந்தது. அது 2/80 நூல், அதாவது 80-ஆம் நம்பர் இழை இரண்டைச் சேர்த்து முறுக்கியது. நம்பர் ஏற ஏற நூல் மெலிதாகும். 200 நூலில் தலைக்கு இரண்டு இழை, ஆக 400. இதுதான் கணக்கு. இப்படி எண்ணக் கூடாது, முறுக்கிய நூலை ஒன்றாகத்தான் எண்ண வேண்டும் என்பது ஏஎஸ்டிஎம் என்ற தர நிர்ணய அமைப்பின் டி3775 சோதனை முறையிலேயே இருக்கிறது. இழையை எண்ணிப் பெருக்கிப் போட்டால் அது வாங்குகிறவரை ஏமாற்றுவதாக ஆகலாம் என்று அமெரிக்க வர்த்தக ஆணையத்து அலுவலர்கள் 2005-லேயே எழுத்தில் சொல்லிவிட்டார்கள்.

கண்ணாடி இல்லாவிட்டாலும் தராசு ஓரளவு காட்டிக்கொடுக்கும். பாவையும் ஊடையையும் கூட்டி, நூல் நம்பரால் வகுத்து, சுமார் 24-ஆல் பெருக்கினால் ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் துணியின் எடை கிராமில், கிட்டத்தட்ட வந்துவிடும். பாவும் ஊடையும் ஒரே நம்பராக இருந்தால்தான் இந்தக் கணக்கு. (நூலின் நெளிவைப் பொறுத்து மாறும், மில்காரர்கள் சண்டைக்கு வர வேண்டாம்.) 2/80 நூலின் எடை 40-ஆம் நம்பர் நூலுக்குச் சமம், அதில் 200 என்றால் 120 ஜிஎஸ்எம். எங்கள் ஷீட் 700 கிராம், பரப்பு 5.8 சதுர மீட்டர், வகுத்தால் அதே 120. 40-ஆம் நம்பரில் நிஜமாகவே 400 நூல் இருந்திருந்தால் ஷீட் ஒண்ணே கால் கிலோவைத் தாண்டி 1.4 கிலோவுக்குப் போயிருக்கும். அது ஜமக்காளம் மாதிரிதான் கிடக்கும்.

ஆனால் தராசை மட்டும் நம்பினால் ஏமாறுவீர்கள். 80-ஆம் நம்பர் ஒற்றை நூல் 400 போட்டாலும் அதே 120 தான் வரும். இரண்டும் தராசில் ஒன்று, கையில் வேறு. ஒரு நூலை உருவி முறுக்கைப் பிரித்தால்தான் தெரியும். இந்த ஒரு நிமிட வேலையை நான் செய்யாமல் விட்டேன்.

துண்டில் வேறு கூத்து. 30-க்கு 60 தேங்காய்ப்பூ துண்டு, 500 ஜிஎஸ்எம் என்று வந்தது. நிறுத்தால் 480 கிராம். பரப்பு 1.16 சதுர மீட்டர், அப்படியானால் 413. மூன்று முறை துவைத்துக் காயவைத்து நிறுத்தேன். 455 கிராம். ஃபினிஷிங்கில் ஏற்றிய பொருளும் உதிர்ந்த பஞ்சும் போய்விட்டன. ஆனால் துண்டும் 29-க்கு 57 ஆகச் சுருங்கியிருந்தது. கணக்குப் போட்டால் 427! எடை குறைந்து ஜிஎஸ்எம் ஏறிவிட்டது. எந்த எண் வசதியோ அதைப் போட்டுக்கொள்ளலாம் என்பதால், நான் இப்போது ஜிஎஸ்எம்மை முன்னால் வைப்பதில்லை. அளவும் கிராமும்தான் முதலில். வாங்குகிறவர் வீட்டுச் சமையலறைத் தராசிலேயே நிறுத்துப் பார்த்துக்கொள்ளட்டும்.

பஞ்சு வகைக்கு என் வழி ஒன்றுதான். நூல் பில்லில் இருப்பதைத் தாண்டி எழுதுவதில்லை. கார்டட் என்றால் கார்டட், குட்டை இழைகளைச் சீவி நீக்கிய கோம்டு என்றால் கோம்டு. மில்லில் பல ஊர் பேல்களைக் கலந்துதான் நூற்கிறார்கள். வகைப் பெயரைச் சொல்ல மில்லிடமிருந்து காகிதம் வேண்டும். 900 ரூபாய் ஷீட்டில் எகிப்துப் பஞ்சுக்கு எங்கே போவது? 1974-ல் கோயம்புத்தூர் ஆராய்ச்சிக்காரர்கள் வெளியிட்ட சுவின் என்ற மிக நீள இழைப் பருத்தி நம்மிடமே இருக்கிறது. அதை யாரும் பொய்யாகக்கூடப் போடுவதில்லை.

இப்போது என் லிஸ்டிங் இப்படி இருக்கிறது:

"டபுள் பெட்ஷீட், 90 x 100 அங்குலம், எடை சுமார் 700 கிராம். 100% பருத்தி, 2/80 கோம்டு நூல். ஓர் அங்குலத்தில் பாவு 110, ஊடை 90, மொத்தம் 200 (இரட்டை இழையை ஒன்றாகவே எண்ணியிருக்கிறோம்). விசைத்தறியில் நெய்தது. முதல் துவையலில் நீளத்தில் 3 முதல் 4 அங்குலம் சுருங்கலாம்."

சுருக்க எண்ணை நாங்களே மூன்று ஷீட்டைத் துவைத்து அளந்துதான் போட்டோம். உங்கள் சரக்குக்கு நீங்கள்தான் துவைத்துப் பார்க்க வேண்டும்.

விற்குமா என்று கேட்டீர்கள். முதல் இரண்டு மாதம் ஆர்டர் பாதியானது. 300 டிசி-க்கு மேல் என்று வடிகட்டித் தேடுகிறவர் கண்ணில் நாங்கள் படவே மாட்டோம், அதற்கு என்னிடம் மருந்து இல்லை. ஆனால் "சொன்னது வேறு, வந்தது வேறு" என்று திரும்பி வருவது நின்றது. பெரிய வியாபாரிகள் இதைப் படித்துச் சிரிக்கலாம், சிரிக்கட்டும். மாதம் முந்நூறு ஷீட் விற்கிற எனக்கு ஒரு ரிட்டர்ன் என்றாலும் வலிக்கிறது.

ரிட்டர்ன் என்றதும் இன்னொன்று. முகூர்த்த மாதத்தில் ஆறு ஷீட் வாங்கி, விசேஷத்துக்கு வந்த சொந்தபந்தங்களை அதில் படுக்கவைத்துவிட்டு, "நிறம் பிடிக்கவில்லை" என்று மஞ்சள் கறையோடு திருப்பி அனுப்புகிறார்கள். விற்பனைத் தளமும் அவர்கள் பக்கம்தான். இதற்கு எந்த லிஸ்டிங்கில் என்ன எழுதுவது என்று தெரிந்தவர்கள் எனக்குச் சொல்லுங்கள்.

பிக் கிளாஸ் ஈரோட்டில் தறிச் சாமான் கடைகளில் கேட்டுப் பாருங்கள். ஓர் அங்குல ஓட்டை உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். அரை அங்குலத்தில் எண்ணி இரண்டால் பெருக்கினால் பிழையும் இரண்டு மடங்காகும்.