வீணாகும் எஞ்சின் சூட்டில் 60 டன் குளிர்: உறிஞ்சல் சில்லர் எப்போது கட்டுபடியாகும்?

கேள்வி: எங்கள் ஆலையில் 500 கிலோவாட் கேஸ் எஞ்சின் ஜென்செட் நாள் முழுக்க ஓடுகிறது. அதன் ஜாக்கெட் தண்ணீர் 90 டிகிரியில் வெளியே வந்து ரேடியேட்டரில் ஆறிப் போகிறது. அதை வைத்து உறிஞ்சல் சில்லர் ஓட்டலாம் என்கிறார்கள். ஆனால் அதன் சி.ஓ.பி. 0.7தானாம், இப்போதுள்ள மின் சில்லருக்கு 5. ஏழு மடங்கு மட்டமான இயந்திரம் எப்படி லாபம் தரும்? அதைவிட, சூட்டைக் கொடுத்தால் குளிர் எப்படி வரும்?

பதில்: 0.7, 5 என்ற இரண்டு எண்களையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. 5 என்பது ஒரு கிலோவாட் மின்சாரத்துக்குக் கிடைக்கும் குளிர். 0.7 என்பது ஒரு கிலோவாட் வெப்பத்துக்குக் கிடைக்கும் குளிர். மின்சாரத்துக்குப் பணம் கொடுக்கிறீர்கள். ஜாக்கெட் சூட்டை விசிறி வைத்துத் துரத்திக்கொண்டிருக்கிறீர்கள். அந்தச் சூட்டையும் எரிபொருள் எரித்து உண்டாக்க வேண்டியிருந்தால் கணக்கு தலைகீழாகிவிடும். ஒரு பங்கு எரிபொருளை 85 சதவீதத் திறனுள்ள பாய்லரில் எரித்து உறிஞ்சல் சில்லருக்குக் கொடுத்தால் 0.6 பங்கு குளிர்தான் வரும். அதே எரிபொருளை 40 சதவீதத் திறனுள்ள எஞ்சினில் எரித்து, வரும் மின்சாரத்தை மின் சில்லருக்குக் கொடுத்தால் 2 பங்கு கிடைக்கும். ஆகவே இந்த இயந்திரத்துக்கென்று தனியாக பாய்லர் வைக்கச் சொன்னால் தயங்காமல் மறுத்துவிடுங்கள்.

இனி, சூடு எப்படிக் குளிராகிறது என்பது. இரண்டு வகைச் சில்லரிலும் குளிர் உண்டாகும் இடம் ஒன்றுதான்: எவாப்பரேட்டரில் ஒரு திரவம் குறைந்த அழுத்தத்தில் கொதிக்கிறது, கொதிக்கத் தேவையான வெப்பத்தை உங்கள் குளிர்நீரிலிருந்து பிடுங்கிக்கொள்கிறது. கண்டென்சரும் இரண்டிலும் உண்டு. வித்தியாசம், எவாப்பரேட்டரில் எழும் ஆவியைக் கண்டென்சரின் உயர்ந்த அழுத்தத்துக்குக் கொண்டுசேர்ப்பது யார் என்பதில் மட்டுமே. மின் சில்லரில் அதைக் கம்ப்ரசர் செய்கிறது. ஆவியை அமுக்குவதற்கு அதிக வேலை தேவை. மின்கட்டணம் ஏறுவது அங்கேதான்.

உறிஞ்சல் சில்லர் அந்த ஆவியை அமுக்குவதில்லை. உறிஞ்சி என்ற பகுதியில் அதை ஒரு உப்புக் கரைசலுக்குக் குடிக்கக் கொடுத்துவிடுகிறது. உங்கள் தேவைக்குப் பொருந்தும் வகையில் குளிரூட்டும் திரவம் வெறும் தண்ணீர், உப்பு லித்தியம் புரோமைடு. மழை நாளில் திறந்து வைத்த உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக் கசிவதைப் பார்த்திருப்பீர்கள். லித்தியம் புரோமைடுக்கு அந்தத் தாகம் இன்னும் மிகுதி.

அந்தத் தாகத்தை எண்ணில் பார்த்தால் விஷயம் பிடிபடும். 0.87 கிலோபாஸ்கல் அழுத்தத்தில், அதாவது வளிமண்டல அழுத்தத்தில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவில், தண்ணீர் 5 டிகிரியிலேயே கொதிக்கும். அதே அழுத்தத்தில் 57 சதவீத லித்தியம் புரோமைடு கரைசல் கொதிக்க 38 டிகிரி வேண்டும். ஆகவே 38 டிகிரிக்குச் சற்றுக் குறைவாக உள்ள கரைசல், 5 டிகிரித் தண்ணீரிலிருந்து எழும் ஆவியைத் தன்பால் இழுத்துக்கொள்ளும். கரைசலைவிட ஆவி 30 டிகிரிக்கு மேல் குளிர்ந்தது. ஆனாலும் போகும் திசை இதுதான். அப்போது வெளிப்படும் வெப்பத்தை 30 டிகிரியில் வரும் கூலிங் டவர் தண்ணீர் எடுத்துக்கொள்ளும்.

குடித்துக் குடித்துக் கரைசல் நீர்த்துப் போகும், தாகமும் அடங்கிவிடும். மறுபடி தாகம் வர வேண்டுமானால் குடித்த தண்ணீரைக் கொதிக்கவைத்து வெளியேற்ற வேண்டும். உங்கள் எஞ்சின் சூட்டுக்கு வேலை வருவது இங்கேதான். இந்தப் பகுதிக்குத் துறையில் 'ஜெனரேட்டர்' என்றே பெயர். உங்கள் ஜென்செட்டோடு குழம்பாமலிருக்க இங்கே கொதிப்பான் என்கிறேன். கண்டென்சர் 37 டிகிரியில் இருந்தால் கொதிப்பானில் அழுத்தம் சுமார் 6.3 கிலோபாஸ்கல். அந்த அழுத்தத்தில் 57 சதவீதக் கரைசல் 75 டிகிரியில் கொதிக்கத் தொடங்கும். தண்ணீர் பிரிந்து 60 சதவீதமாகும்போது 82 டிகிரி. இவ்வளவுதான் தேவை. 90 டிகிரித் தண்ணீர் போதும் என்பது இதனால்தான். மின்சாரம் தயாரிக்க லாயக்கில்லாத அந்த மந்தச் சூடு, ஒரு உப்புக் கரைசலைக் காயவைக்கத் தாராளம்.

பம்ப் மட்டும் மிச்சம். 210 கிலோவாட், அதாவது 60 டன் குளிருக்கு வினாடிக்கு சுமார் 0.09 கிலோ தண்ணீர் ஆவியாக வேண்டும். 5 டிகிரியில் அந்த ஆவியின் கன அளவு வினாடிக்கு 13 கனமீட்டர். இதைக் கம்ப்ரசரால் அமுக்க முயன்றால் இயந்திரம் ஒரு அறை அளவாகும். கரைசலில் கரைந்த பிறகு பம்ப் தூக்க வேண்டியது வினாடிக்கு சுமார் ஒரு லிட்டர் திரவம். பம்புகளுக்கு எல்லாமாகச் சேர்த்து 3 கிலோவாட் போட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது உங்கள் கணக்கு. இந்த அளவு எஞ்சினின் ஜாக்கெட்டிலிருந்து முழுச் சுமையில் 300 கிலோவாட் வெப்பம் கிடைப்பதாக வைத்துக்கொள்வோம். உங்கள் எஞ்சினின் வெப்பக் கணக்குத் தாளில் சரியான எண் இருக்கும். 90 டிகிரியில் போய் 80 டிகிரியில் திரும்பினால் மணிக்கு சுமார் 26 கனமீட்டர் ஓட்டம். 0.7 பங்கு எடுத்தால் 210 கிலோவாட் குளிர். இதையே மின் சில்லர் தர 42 கிலோவாட் மின்சாரம் செலவாகிறது. மிச்சம் 42 என்று உடனே எழுதிவிடாதீர்கள். கூலிங் டவரை மறந்த கணக்கு அது.

மின் சில்லர் 210 கிலோவாட் குளிரோடு தன் 42-ஐயும் சேர்த்து 252 கிலோவாட்டை டவருக்கு அனுப்புகிறது. உறிஞ்சல் சில்லர் 210-ஐயும் 300-ஐயும் சேர்த்து 510 அனுப்பும். டவர் ஏறக்குறைய இரட்டிப்பாக வேண்டும். 6 டிகிரி ஏற்றத்துக்கு மணிக்கு 73 கனமீட்டர் தண்ணீர் சுற்ற வேண்டும். கூடுதல் பம்புக்கும் விசிறிக்கும் 6 கிலோவாட் வைத்தால், 42-லிருந்து 9 கழிந்து 33 கிலோவாட் மிஞ்சும். ஆண்டுக்கு 6000 மணி நேரம் ஓடினால் ஏறத்தாழ 2 லட்சம் யூனிட். எஞ்சின் ரேடியேட்டர் விசிறி ஓயும் நேரமும் சின்ன வரவு. ஆனால் தண்ணீர்ச் செலவு உண்டு: டவரில் ஆவியாவது மணிக்கு சுமார் 380 லிட்டர் கூடும், உப்புச் சேராமலிருக்க டவரிலிருந்து வடித்துவிடும் புளோடவுனும் சேர்ந்தால் 500 லிட்டரை நெருங்கும். தண்ணீருக்குத் திண்டாட்டம் உள்ள இடத்தில் இந்த ஒரு வரியே திட்டத்தைக் கவிழ்த்துவிடும்.

ஒரு நுணுக்கம் பலருக்கும் இடறும். ஜாக்கெட் தண்ணீரை நேராகச் சில்லருக்குள் விடாமல் நடுவே பிளேட் ஹீட் எக்ஸ்சேஞ்சர் போடுவது பாதுகாப்பு. எஞ்சின் கூலன்ட்டும் சில்லரும் கலக்காது. ஆனால் அது 3 டிகிரியைத் தின்றுவிடும். அப்போது சில்லருக்குக் கிடைப்பது 90/80 அல்ல, 87/77. கரைசல் கொதிக்கத் தொடங்குவதே 75 டிகிரியில் என்பதால், 77-ல் வெளியேறும் தண்ணீருக்குக் கொடுக்க இடமே இருக்காது. 60 டன் சொன்ன இயந்திரம் அதைவிடக் கணிசமாகக் குறைந்து நிற்கும். கொட்டேஷன் கேட்கும்போது 87/77 என்றும், உங்கள் ஊர்க் கோடையின் டவர் தண்ணீர் வெப்பநிலை இன்னது என்றும் எழுதிக் கொடுங்கள். இரண்டுக்கும் தர உத்தரவாதம் எழுத்தில் வர வேண்டும். பழைய ரேடியேட்டரைக் கழற்றிவிடாதீர்கள். குளிர்த் தேவை குறையும் நேரத்தில் எஞ்சின் சூட்டை எடுக்க ஆள் வேண்டும். சில்லருக்குப் பின் வரிசையில் அதை வைத்து, திரும்பும் தண்ணீர் குறிப்பிட்ட அளவுக்கு மேல் போனால் மூன்றுவழி வால்வு திறப்பதாக அமையுங்கள்.

இயந்திரம் ஓடத் தொடங்கிய பிறகு தொல்லை தருவன இரண்டு. முதலாவது கரைசல் உறைந்து உப்புப் படிகமாவது. 60 சதவீதத்தில் பயமில்லை. 65-ஐ நெருங்கினால் 40, 50 டிகிரியிலேயே படிகம் விழும். டவர் தண்ணீர் திடீரெனக் குளிர்ந்தாலோ, கொதிப்பானுக்குச் சூடு அளவு மீறினாலோ இது நேரும். மின்சாரம் போனாலும் நேரும்: நிறுத்தும்போது கரைசல்களைக் கலந்து நீர்க்கவைக்கும் 10, 15 நிமிடச் சுழற்சி நடக்காமலே எல்லாம் ஆறிவிடும். கொதிப்பானிலிருந்து திரும்பும் செறிந்த கரைசல், நீர்த்த கரைசலுக்குச் சூடு கொடுக்கும் எக்ஸ்சேஞ்சரில்தான் அடைப்பு முதலில் தொடங்கும். கண்டுபிடிப்பது சுலபம்: வழக்கமாகச் சூடாக இருக்கும் செறிந்த கரைசல் குழாய் ஆறியிருக்கும், பக்கத்தில் உள்ள ஓவர்ஃப்ளோ குழாய் சுடும். சூடான கரைசல் அதன் வழியாக உறிஞ்சிக்குப் போய் நீர்த்த கரைசலைச் சூடாக்கி, லேசான அடைப்பைத் தானே கரைத்துவிடும். அது முடியாத அளவு இறுகிவிட்டால் வெளியிலிருந்து சூடுபடுத்த வேண்டும். ஒரு முழு நாள் வேலை. ஆகவே கரைசல் பம்புக்கும் கன்ட்ரோலுக்கும் தனி யூ.பி.எஸ். லைன் போடுவது வீண் செலவல்ல. டவர் தண்ணீரை 20-க்குக் கீழே இறங்கவிடாத பைபாஸ் வால்வும் அப்படித்தான்.

இரண்டாவது காற்று. 0.87 கிலோபாஸ்கலில் ஓடும் இயந்திரத்தில் கசிவு என்பது வெளியே வருவதல்ல, உள்ளே போவது. ஒரு சிட்டிகைக் காற்று உறிஞ்சிக் குழாய்களைச் சுற்றிப் போர்வைபோல் நின்றாலே ஆவி கரைசலைத் தொட முடியாது. சூடு சரி, டவர் சரி, குளிர்நீர் மட்டும் 7-லிருந்து 9, 10 என ஏறுகிறது என்றால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். உள்ளே சேரும் காற்றை வெளியேற்றும் பர்ஜ் பம்ப் வாரத்துக்கு எத்தனை முறை ஓடுகிறது என்று எழுதி வையுங்கள். எண்ணிக்கை கூடினால் கசிவு இருக்கலாம், அல்லது உள்ளே இரும்பு அரித்து ஹைட்ரஜன் வருகிறதாயிருக்கலாம். காற்றும் உப்பும் சேர்ந்தால் அரிப்பு வேகமாகும் என்பதால் இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கும். இதற்காகத்தான் கரைசலில் அரிப்புத் தடுப்பானாக லித்தியம் மாலிப்டேட் சேர்க்கிறார்கள். ஆண்டுக்கு ஒருமுறையாவது கரைசல் மாதிரியை ஆய்வுக்கு அனுப்பி அதன் அளவைச் சரிபாருங்கள்.

மின் சில்லரை விற்றுவிடும் யோசனை வேண்டாம். உறிஞ்சல் சில்லர் குளிரத் தொடங்கவே கால் மணி முதல் அரை மணி நேரம் ஆகும். சுமை ஏறி இறங்கும்போது சட்டென்று ஈடுகொடுக்காது. எஞ்சின் பாதிச் சுமையில் ஓடும்போது ஜாக்கெட் வெப்பமும் சரியும். திரும்பி வரும் குளிர்நீரை முதலில் உறிஞ்சல் சில்லர் வாங்கி இயன்றவரை இறக்கட்டும், மிச்சத்தை மின் சில்லர் முடிக்கட்டும். உங்களுக்கு 0 டிகிரிக்குக் கீழே குளிர் வேண்டுமென்றால் இந்த இயந்திரமே ஆகாது; உள்ளே கொதிப்பது தண்ணீர், அது உறைந்துவிடும். அதற்கு அமோனியா தண்ணீர் வகை வேண்டும், ஆனால் அதற்கு இன்னும் உயர்ந்த சூடு தேவைப்படும். உங்கள் ஜாக்கெட் தண்ணீர் போதாது, எஞ்சின் புகைக்குழாய்ச் சூட்டைத்தான் பார்க்க வேண்டும்.