கோட்பாட்டு ஸ்லைடில் காணாமல் போன காட்சி: கேள்வி பதில்

முதுகலை மாணவி: பிரெஞ்சு விமர்சகர் பார்த் பத்தி ஆறு ஸ்லைடு போட்டிருக்கேன். பிரதி, எழுத்து, ஆசிரியன், பன்முக அர்த்தம்னு எல்லாம் இருக்கு. ஆனா நானே திரும்பப் படிச்சா எனக்கே ஒண்ணும் ஏற மாட்டேங்குது. எங்கேயிருந்து மாத்தறது?

பார்த் எங்கே தொடங்கினாரோ அங்கேயே தொடங்குங்கள். 1967இல் வெளிவந்த ‘ஆசிரியனின் மரணம்’ கட்டுரையை எடுத்து முதல் வாக்கியத்தைப் பாருங்கள், கலைச்சொல்லே இருக்காது. பிரெஞ்சு எழுத்தாளர் பல்சாக்கின் ‘சராசீன்’ கதையிலிருந்து ஒரே ஒரு வாக்கியத்தை எடுத்து வைக்கிறார். சராசீன் என்கிற சிற்பி ஒரு பாடகியைக் காதலிக்கிறான், ஆனால் அந்தப் பாடகி பெண் வேடத்தில் இருக்கும், விதைநீக்கம் செய்யப்பட்ட ஓர் ஆண். அந்த ஆளைப் பற்றித்தான் அந்த வாக்கியம், இதோ பெண், அவளுடைய திடீர்ப் பயங்கள், காரணமில்லாத ஆசைகள், நுட்பமான உணர்ச்சிகள் என்று உருகுகிறது. உடனே பார்த் கேட்கிறார்: இதைச் சொல்வது யார்?

முழுக் கட்டுரையும் இந்தக் கேள்வியிலிருந்துதான் கிளம்புகிறது. நம் பாடக்குறிப்புகள் தேர்வுக்கு வேண்டுமென்று முடிவை மட்டும் வைத்துக்கொண்டு இந்தக் காட்சியை வெட்டிவிடுகின்றன, அதனால்தான் சொற்கள் பிடிமானமில்லாமல் நிற்கின்றன.

ஆகவே முதல் ஸ்லைடில் கதைச் சூழல் இரண்டு வரி, அந்த வாக்கியம், அதன் கீழே ‘சொல்வது யார்?’ அவ்வளவு போதும். இரண்டாவதில், சொல்லியிருக்கக்கூடியவர்களை ஒவ்வொருவராகக் கொண்டு வாருங்கள். உண்மை தெரியாமல் மயங்கிக் கிடக்கும் சராசீனா? சொந்த வாழ்க்கையில் பெண்களைப் பார்த்துப் பழகிய பல்சாக் என்ற மனிதரா? பெண்மை பற்றி ஒரு கருத்தைப் பரப்ப நினைக்கும் பல்சாக் என்ற எழுத்தாளரா? அல்லது ‘பெண் என்றால் இப்படித்தான்’ என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த பொதுப்புத்தியா? ஒவ்வொருவருக்கும் நேராக, வாக்கியத்தில் எந்தச் சொல் அவருக்குச் சாதகம், எது இடிக்கிறது என்று வகுப்பையே தேட விடுங்கள். யாரும் முழுசாகப் பொருந்த மாட்டார்கள், அதே சமயம் யாரையும் தள்ளவும் முடியாது. எழுத்தில் குரலுக்கு மூலம் தேடினால் அது கைக்குச் சிக்காது என்று பார்த் சொல்வது இதைத்தான். ‘ஆசிரியனின் மரணம்’ என்ற தொடர் மூன்றாவது ஸ்லைடில் வரட்டும். அந்த நேரத்தில் அது ஒரு அனுபவத்துக்கு வைத்த பெயராக இருக்கும், மனப்பாடம் செய்யத் தேவையே வராது.

இளங்கலை மாணவர்: ஆசிரியரோட வாழ்க்கை வரலாற்றைப் பார்க்காம படிக்கணும், அவ்வளவுதானே பார்த் சொல்றது? அதை ஒரே வரியா போட்டா எல்லாருக்கும் ஈஸியா புரிஞ்சிடுமே.

பாதி சரி. பாட்லேரின் கவிதையை அவருடைய தோல்வியாகவும் வான்கோவின் ஓவியத்தை அவருடைய பித்தாகவும் வாசிக்கிற விமர்சனத்தை அதே கட்டுரையில் அவர் சாடுகிறார். ஆனால் உங்கள் ஒரு வரியை மேலே சொன்ன நான்கு பேருக்கும் பொருத்திப் பாருங்கள். அது இரண்டாவது ஆளை, அதாவது பல்சாக் என்ற மனிதரை மட்டும்தான் வெளியே அனுப்புகிறது. வாழ்க்கை வரலாற்றைத் தொடவே இல்லை என்று வைத்துக்கொள்வோம், அப்போதும் அந்த வாக்கியம் சராசீனுடையதா, எழுத்தாளரின் கருத்தா, பொதுப்புத்தியா என்ற குழப்பம் அப்படியே இருக்கிறது. எளிமையாக்கிய வரி சரிதானா என்று பார்க்க இதுதான் வழி: மூலத்தில் இருந்த காட்சி முழுவதையும் அது தாங்குகிறதா, ஒரு மூலையை மட்டும் தாங்குகிறதா?

பகுதிநேர விரிவுரையாளர்: மொழியியலாளர் சசூருக்கு ஒரு மரத்தோட படம், பக்கத்துல ‘மரம்’ங்கிற சொல். இதைவிடத் தெளிவா காட்ட முடியாதுன்னு நினைக்கிறேன். ஆனாலும் விடைத்தாள்ல தப்பாவே எழுதறாங்க. ஏன்?

அந்தப் படம்தான் காரணம் என்று நினைக்கிறேன். படத்தைப் பார்த்தவுடன் மாணவர் மனதில் விழுவது, வெளியே ஒரு பொருள் இருக்கிறது, அதற்கு மொழி ஒரு பெயர்ச்சீட்டு ஒட்டுகிறது என்பது. மொழி என்பது பொருள்களுக்கான பெயர்ப் பட்டியல் என்கிற இந்த எண்ணத்தைத்தான் சசூர் மறுக்கிறார். அவர் சொல்லும் குறிப்பீடு தோட்டத்தில் நிற்கும் மரம் அல்ல, மனதில் இருக்கும் கருத்து. விடைத்தாளில் ‘குறிப்பீடு என்றால் உண்மையான பொருள்’ என்று வந்திருந்தால் ஸ்லைடுதான் அப்படிச் சொல்லிக்கொடுத்திருக்கிறது.

1916இல், அவர் இறந்த பிறகு வெளிவந்த பாடத்தொகுப்பிலேயே இதைவிட நல்ல காட்சி இருக்கிறது. ஜெனீவாவிலிருந்து பாரிசுக்கு இரவில் குறிப்பிட்ட நேரத்துக்குக் கிளம்பும் ரயில். இன்றைக்கும் நாளைக்கும் அதே ரயில் என்கிறோம். எஞ்சின் வேறாக இருக்கலாம், பெட்டிகள் வேறு, ஊழியர்களும் வேறு. அப்படியென்றால் எது ‘அதே’? புறப்படும் நேரம், தடம், மற்ற ரயில்களிலிருந்து அதைப் பிரித்துக் காட்டும் விஷயங்கள். மர ஸ்லைடை எடுத்துவிட்டு இதைப் போடுங்கள், ‘இந்த ரயிலை இதே ரயிலாக வைத்திருப்பது எது?’ என்று கேட்டுவிட்டு ஐந்து நிமிடம் பேசாமல் இருங்கள். ‘மற்ற ரயில்களிலிருந்து உள்ள வேறுபாடு’ என்று அவர்களே சொல்லிவிட்டால், மொழியில் வேறுபாடுகள் மட்டுமே உண்டு என்கிற சசூரின் வரி பயமுறுத்தாது.

பெயர் சொல்லாதவர்: ஒரு ஸ்லைடுல எத்தனை வரி இருக்கலாம்? எனக்கு டார்க் பேக்கிரவுண்ட்தான் பிடிக்கும், ஓகேவா?

வகுப்பின் கடைசி வரிசையிலிருந்து படிக்க முடிகிற எந்த நிறமும் சரி. வரிக் கணக்கு எதுவும் எனக்கில்லை. மேற்கோள் வாக்கியம் ஐந்து வரி போனாலும் முழுசாகப் போடுங்கள், வெட்ட வேண்டியது அதைச் சுற்றி நாம் எழுதிவைக்கும் விளக்கத்தைத்தான்.

ஆய்வு மாணவி: என் ஆய்வு ஒரு நாவல்ல யார் பார்வையில கதை நகருதுங்கிறது பத்தி. பிரெஞ்சுக் கோட்பாட்டாளர் ழெனெத்தோட மூணு வகையையும் அட்டவணையா போட்டேன். நெறியாளர் ‘இது நூலகத்துல இருக்கு, உன் நாவல் எங்கே?’ன்னுட்டார். சொந்தமா உதாரணம் எழுதிச் சேர்க்கலாமா?

சேர்க்கலாம், ஆனால் அது படிக்கட்டாக மட்டும் இருக்கட்டும். 1972இல் ழெனெத் போட்ட அடிப்படைக் கேள்வி சின்னது: பேசுவது யார், பார்ப்பது யார், இரண்டும் ஒரே ஆளா? ஒரே சம்பவத்தை மூன்று விதமாக எழுதி வையுங்கள்.

‘ரவி கதவைத் திறந்தபோது மீனா கடிதத்தை மறைத்தாள். அது வேலைநீக்கக் கடிதம். ரவிக்கு அது முன்பே தெரியும் என்பது அவளுக்குத் தெரியாது.’

‘ரவி கதவைத் திறந்தான். மீனாவின் கை தலையணைக்கு அடியிலிருந்து சட்டென்று வெளியே வந்தது. இன்னுமா சொல்லப்போவதில்லை?’

‘கதவு திறந்தது. அவள் கையைத் தலையணைக்கு அடியிலிருந்து எடுத்தாள். அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். இருவரும் பேசவில்லை.’

மூன்றிலும் சொல்பவர் கதைக்கு வெளியே நிற்கும் ஒரே குரல்தான். மாறுவது, நமக்கு எவ்வளவு தெரியவருகிறது, யார் வழியாகத் தெரியவருகிறது என்பது. முதலாவதில் சொல்பவருக்கு இருவரையும்விட அதிகம் தெரியும். இரண்டாவதில் ரவி அறிந்த அளவோடு நிற்கிறோம், கடைசி வரி யார் மனதில் ஓடுகிறது என்று கேட்டால் யோசிக்காமல் ‘ரவி’ என்பார்கள். மூன்றாவதில் இருவரும் அறிந்ததைவிட நமக்குக் குறைவாகத்தான் தெரியும்.

இது ஒரு ஸ்லைடோடு முடியட்டும். அடுத்த ஸ்லைடிலேயே உங்கள் நாவலிலிருந்து ஒரு பத்தி, அதுவும் இந்த மூன்றில் எதிலும் ஒழுங்காக உட்காராத பத்தியாகப் பாருங்கள். ஒரு பாத்திரத்தின் பார்வையில் போய்க்கொண்டிருக்கும்போது அந்தப் பாத்திரத்துக்குத் தெரிந்திருக்க முடியாத ஒரு தகவல் நழுவி உள்ளே வரும் இடம் நிறைய நாவல்களில் இருக்கும். அந்தச் சொல்லை மட்டும் தடித்த எழுத்தில் போட்டு, இது எப்படி இங்கே வந்தது என்று நீங்கள் விளக்கினால், நெறியாளர் கேட்ட நாவல் அங்கே வந்துவிடும்.

ஓய்வு பெற்ற பேராசிரியர்: காட்சி காட்சி என்கிறீர்கள். நான் மார்க்சியச் சிந்தனையாளர் அல்தூசரை போலீஸ்காரர் உதாரணத்தோடுதான் நடத்தினேன். பையன்களுக்குப் போலீஸ்காரர் மட்டும் நினைவிருக்கிறார், கருத்தியல் போய்விட்டது. கலைச்சொல்லோடு மல்லுக்கட்டுவதும் படிப்புதான் ஐயா.

நீங்கள் சொல்வது நடக்கிற விஷயம்தான் ஐயா. 1970ஆம் ஆண்டுக் கட்டுரையில் தெருவில் போலீஸ்காரர் ‘ஏய், உன்னைத்தான்!’ என்று கூப்பிடுகிறார், ஒருவன் திரும்புகிறான், திரும்பியதிலேயே அவன் தன்னிலை, அதாவது கருத்தியல் உருவாக்கும் ஆள், ஆகிறான். இதை மட்டும் போட்டால், கூப்பிடுவதற்கு முன்னால் அவன் சுதந்திரமான ஆளாக நடந்துபோனான் என்று மாணவர் புரிந்துகொள்வார். ஆனால் அல்தூசரே அந்தக் காட்சிக்குக் கொஞ்சம் கீழே, முன்பின் என்று சொன்னது வசதிக்காகத்தான், நிஜத்தில் அப்படி வரிசை கிடையாது என்று சொல்லிவிடுகிறார். பிறக்கப்போகும் குழந்தைக்கு அப்பாவின் பெயர் ஏற்கெனவே காத்திருக்கிறது என்று இன்னொரு காட்சியும் தருகிறார். இந்த இரண்டையும் அடுத்தடுத்த ஸ்லைடில் வைத்து, ‘இரண்டாவது உண்மையென்றால் முதலாவதில் எது தவறு?’ என்று கேட்டுப்பாருங்கள். காட்சி உடையும் இடத்தில்தான் கருத்து வெளியே வருகிறது.

ரஷ்ய விமர்சகர் ஷ்க்லோவ்ஸ்கிக்கும் இதே கதிதான். 1917ஆம் ஆண்டுக் கட்டுரையில் வரும் டால்ஸ்டாயின் குதிரை எல்லோருக்கும் பிடித்துவிடுகிறது, ‘என்னுடையது’ என்று மனிதர்கள் சொல்வது அந்தக் குதிரைக்கு விளங்காது. பழகிய பொருளை முதன்முறை பார்ப்பதுபோல் காட்டுவதைத்தான் அவர் பரிச்சயநீக்கம் என்கிறார், ஆனால் உடனே பரிச்சயநீக்கம் என்றால் விலங்கு கதை சொல்வது என்று எழுதிவைத்துவிடுகிறார்கள். நாடக மேடையை வெறும் பலகையும் வண்ணமடித்த அட்டையுமாக டால்ஸ்டாய் விவரிக்கும் இடத்தைப் பக்கத்தில் வைத்தால் அந்தத் தவறு நிற்காது. அங்கே விலங்கே இல்லையே.

கலைச்சொல்லோடு மல்லுக்கட்டுவது படிப்புதான் என்பதில் எனக்கு மறுப்பில்லை. அதை எந்த இடத்தில் செய்வது என்பதில்தான் நாம் வேறுபடுகிறோம், அது இங்கே தீராது என்றும் நினைக்கிறேன்.

முதுகலை மாணவி (மறுபடியும்): சரி, பார்த்தை மாத்திட்டேன், நல்லா வந்திருக்கு. ஆனா அடுத்தது தத்துவவாதி தெரிதா. அவர்கிட்ட இந்த மாதிரி காட்சியே கிடைக்கலையே?

எல்லோரிடமும் ரயிலும் போலீஸ்காரரும் கிடைக்க மாட்டார்கள். தெரிதாவிடம் பெரும்பாலும் அவர் வாசிக்கிற இன்னொருவரின் பிரதிதான் காட்சி. ‘இலக்கணவியல்’ நூலில் ரூசோவை எடுத்துக்கொள்கிறார். பேச்சே இயல்பானது, எழுத்து அதற்கு வெறும் துணை என்று ரூசோ சொல்கிறார், ஆனால் நேரில் பேசும்போது தன் மதிப்பு வெளிப்படுவதில்லை, அதனால் எழுதுகிறேன் என்று ஒத்துக்கொள்வதும் அதே ரூசோதான். இந்த இரண்டு நிலைகளையும் ஸ்லைடில் இடமும் வலமுமாக எதிரெதிரே வையுங்கள், துணை என்று சொன்னது எப்படி இல்லாமல் முடியாததாக ஆனது என்று கேளுங்கள்.

அதற்கு மேல் உள்ள பக்கங்களை ஸ்லைடாக்கப் பார்க்காதீர்கள். அரைப் பக்கத்தைப் பிரதியெடுத்துக் கையில் கொடுத்து, வகுப்பில் ஒவ்வொரு வாக்கியமாக வாசியுங்கள், புரொஜெக்டரை அணைத்துவிட்டு.