மூன்றாம் தரத்துக்கு முன் “வேண்டாம்” என்றால்?

கேள்வி: ஏலம் ஒன்றில் பழைய மர அலமாரிக்கு 40,000 கேட்டேன். எனக்கு முன்னால் ஒருவர் 38,000 கேட்டிருந்தார். “ஒரு தரம், ரெண்டு தரம்” என்று ஏலக்காரர் சொல்லும்போதுதான் அலமாரியின் பின்பலகை பிளந்திருப்பது கண்ணில் பட்டது. உடனே எழுந்து, “எனக்கு வேண்டாம், கேட்டதைத் திரும்பப் பெறுகிறேன்” என்று சத்தமாகச் சொன்னேன். ஏலக்காரர் சுத்தியலைத் தட்டவில்லை. 38,000 கேட்டவரிடம் திரும்பினார், அவரும் மறுத்துவிட்டார். அலமாரி விற்கவில்லை. ரிசர்வ் விலை 50,000 என்றும், நான் குழப்பியதால் விற்பனை கெட்டது என்றும், வித்தியாசம் 10,000-ஐ நான் கட்ட வேண்டும் என்றும் இப்போது கடிதம் வந்திருக்கிறது. முன்பணம் 5,000-ஐயும் தர மறுக்கிறார்கள். ஏலத்தில் வாய் திறந்தால் திறந்ததுதான் என்கிறார் நண்பர். நான் கட்ட வேண்டுமா?
— ஒரு வாசகர்

பதில்: அந்த 10,000-ஐ நீங்கள் கட்ட வேண்டியதில்லை. முன்பணம் விஷயம் தனி, அதற்குப் பிறகு வருகிறேன்.

ஏலத்தில் நீங்கள் ஒரு தொகையைச் சொல்வது, “இந்த விலைக்கு வாங்கிக்கொள்ளத் தயார்” என்று முன்வைப்பது மட்டும்தான். அதை எதிர்த்தரப்பு ஏற்கும் தருணம் சுத்தியல் விழும் தருணம். சுத்தியல் இல்லாத இடத்தில் “மூணு தரம்” என்று முடிப்பதோ, அங்கே வழக்கமான வேறு அறிவிப்போ அதே வேலையைச் செய்யும். அதுவரை நீங்களும் விலகலாம், அவர்களும் விற்க மறுக்கலாம். இரண்டு பக்கமும் கட்டுப்பட்டிருக்கவில்லை என்பதால்தான் இந்த உரிமை நியாயமானதாகிறது. ஒரு தரம், ரெண்டு தரம் என்பதெல்லாம் மற்றவர்களுக்குத் தரும் கடைசி அவகாசம். அந்த அவகாசம் உங்களுக்கும் உண்டு.

இது 1789-லேயே இங்கிலாந்தில் முடிவான விஷயம். வழக்கின் பெயர் பெயின் எதிர் கேவ். உங்கள் கதைக்கு அவ்வளவு நெருக்கமாக இருப்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஏலத்துக்கு வந்தது சாராயம் வடிக்கும் தொட்டியும் அதன் வெள்ளீயக் கலவைச் சுருள் குழாயும். பலர் கேட்டார்கள், கடைசியாக ஒருவர் 40 பவுண்டு கேட்டார். ஏலக்காரர் சுத்தியலைத் தட்டாமல் இழுத்துக்கொண்டே இருந்தார். “ஏன் இழுக்கிறீர்கள், இதற்கு மேல் வராது” என்றார் கேட்டவர். பொருளின் எடையைச் சொல்லி, இது இன்னும் அதிகம் பெறும் என்றார் ஏலக்காரர். “அந்த எடைக்கு உத்தரவாதம் தருவீர்களா?” என்று இவர் கேட்க, முடியாது என்று பதில் வந்தது. அப்படியானால் எனக்கு வேண்டாம் என்று விலகிவிட்டார். பொருள் பிறகு இன்னொரு ஏலத்தில் 30 பவுண்டுக்குப் போனது. குறைந்த 10 பவுண்டைக் கேட்டு இவர் மீது வழக்குப் போட்டார்கள். வழக்கு தோற்றது. ஏலத்தில் கேட்கும் ஒவ்வொரு விலையும் ஒரு பக்கத்து முன்மொழிவு மட்டுமே, மறுபக்கம் ஒப்புக்கொள்ளும்வரை அது யாரையும் கட்டுப்படுத்தாது, ஒப்புதலைக் காட்டுவது சுத்தியல்தான் என்றது நீதிமன்றம்.

பிறகு இந்த விதி சட்டப் புத்தகங்களிலேயே ஏறிவிட்டது. இங்கிலாந்தின் 1893-ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டத்தில் வந்தது, இன்று 1979-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 57-ஆம் பிரிவில் இருக்கிறது. இந்தியாவில் 1930-ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 64-ஆம் பிரிவு இதையே சொல்கிறது: சுத்தியல் விழுந்தோ வழக்கமான வேறு முறையிலோ விற்பனை முடிந்ததாக அறிவிக்கப்படும்வரை, கேட்டவர் எவரும் தன் கேட்பைத் திரும்பப் பெறலாம். காரணம் சொல்ல வேண்டும் என்ற நிபந்தனை அதில் இல்லை. பின்பலகை பிளந்திருந்ததா இல்லையா என்பதை நீங்கள் நிரூபிக்கத் தேவையே இல்லை. ஆகவே பதில் எழுதும்போது அந்த விவாதத்துக்குள் போகாதீர்கள். போனால், விலகுவதற்கு நல்ல காரணம் வேண்டும் என்று நீங்களே ஒப்புக்கொண்டது போல ஆகிவிடும்.

38,000 கேட்டவர் மறுத்தது பற்றி உங்களுக்குக் குற்ற உணர்வு இருப்பதாகத் தெரிகிறது. வேண்டாம். நீங்கள் 40,000 கேட்ட நொடியிலேயே அவருடைய கேட்பு காலாவதியாகிவிட்டது. நீங்கள் விலகியதால் அது உயிர்த்தெழாது. அமெரிக்கச் சட்டம் இதை வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கிறது. அவர் விரும்பினால் மறுபடி கேட்கலாம், கேட்காவிட்டால் அவரையும் யாரும் பிடிக்க முடியாது. விவரமான ஏலக்காரர் இந்த இடத்தில் பழைய விலையில் தொங்காமல், கேட்பை முதலிலிருந்து மறுபடி திறப்பார்.

சரி, ரிசர்வ் விலை. அவர்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் கோபம் வரவழைத்த பகுதி இதுதான், ஏனென்றால் அந்த வாதம் தன்னைத் தானே கவிழ்த்துக்கொள்கிறது. ரிசர்வ் விலை என்பது, இதற்குக் கீழே விற்காதே என்று பொருளுக்குச் சொந்தக்காரர் ஏலக்காரருக்கு இடும் எல்லை. எவ்வளவு என்பது பெரும்பாலும் ரகசியமாகவே இருக்கும், ரிசர்வ் உண்டு என்று அறிவித்திருந்தாலே போதும். அது விற்பவரைக் காக்கும் வேலி. அந்தத் தொகையைத் தருவதாக வாங்க வந்தவர் யாரும் எங்கும் ஒப்புக்கொள்வதில்லை.

ரிசர்வ் அறிவிக்கப்பட்ட ஏலத்தில் என்ன நடக்கும் என்பதற்கு 1907-இல் வந்த மெக்மானஸ் எதிர் ஃபோர்டெஸ்க்யூ வழக்கைப் பாருங்கள். ஒருவர் 85 பவுண்டு கேட்டார், ஏலக்காரர் சுத்தியலையும் தட்டிவிட்டார். பிறகு ரிசர்வ் எழுதியிருந்த தாளைப் பார்த்தால் 200 பவுண்டு. விற்பனை ஒப்பந்தத்தில் கையெழுத்திட மறுத்தார். கேட்டவர் வழக்குப் போட்டுத் தோற்றார். ரிசர்வ் உண்டு என்று எல்லோருக்கும் சொல்லியிருந்ததால், ஒவ்வொரு கேட்பும் அந்த எல்லையைத் தொட்டால்தான் செல்லும் என்ற நிபந்தனையோடுதான் வந்தது என்றது நீதிமன்றம். சுத்தியல் விழுந்த பிறகும்கூட அங்கே விற்பனை இல்லை.

இதை உங்கள் அலமாரிக்குப் பொருத்துங்கள். நீங்கள் கேட்டது 40,000, ரிசர்வ் 50,000. நீங்கள் வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தாலும், ரிசர்வ் அறிவிப்பு இருந்தால், அவர்களால் அந்த விலைக்கு உங்களுக்கு விற்றிருக்க முடியாது. நடக்கவே முடியாத விற்பனையை நீங்கள் எப்படிக் கெடுத்தீர்கள்? மறுவிற்பனையில் விலை குறைந்தால் அந்தக் குறைவைக் கேட்கும் உரிமை விற்பவருக்கு உண்டுதான். ஆனால் அது விற்பனை முடிந்த பிறகு வாங்கியவர் பணம் தராமல் ஏமாற்றும்போது வருவது. அப்போதும் கணக்கு அவர் ஒப்புக்கொண்ட விலையிலிருந்துதான் தொடங்கும், ரிசர்விலிருந்து அல்ல.

ஒருவேளை ரிசர்வ் பற்றி அறிவிப்பே இல்லாமல், பிறகு இதைச் சொல்கிறார்களா? அட்டவணைப் புத்தகத்தையும் நிபந்தனைத் தாளையும் எடுத்துப் பாருங்கள். ரிசர்வ் இல்லை என்று அறிவித்தே ஏலம் விட்டிருந்தால் அவர்கள் நிலை இன்னும் மோசம். 2000-இல் பேரி எதிர் டேவிஸ் வழக்கில், புதிதாக வாங்கினால் ஒவ்வொன்றும் 14,000 பவுண்டு ஆகும் இரண்டு எஞ்சின் சோதனைக் கருவிகளுக்கு ஒருவர் தலா 200 பவுண்டு கேட்டார், வேறு யாரும் கேட்கவில்லை. விலை போதாது என்று ஏலக்காரர் பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டார். ரிசர்வ் இல்லை என்று சொன்ன வாக்கை மீறியதற்காக 27,600 பவுண்டு நஷ்டஈடு கட்ட வேண்டி வந்தது. அப்படிப்பட்ட ஏலத்திலும் கேட்டவர் விலகும் உரிமை அப்படியே இருக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

இனி முன்பணம். இங்கே நான் அவ்வளவு உறுதியாகப் பேச மாட்டேன். விலகும் உரிமை ஒன்று, விலகினால் முன்பணம் போகும் என்று முன்கூட்டியே ஒப்புக்கொள்வது இன்னொன்று. 2003-இல் இந்திய உச்ச நீதிமன்றம், தேசிய நெடுஞ்சாலை ஆணையம் தொடர்பான கங்கா எண்டர்பிரைசஸ் வழக்கில் இந்த வேறுபாட்டைத் தெளிவாக்கியது. அது டெண்டர் வழக்கு. குறிப்பிட்ட காலத்துக்குள் விலகினால் பிணைத்தொகை பறிமுதல் என்ற நிபந்தனையோடு ஒரு நிறுவனம் விலை கொடுத்துவிட்டு, காலம் முடியுமுன் விலகியது. ஏற்கப்படும் முன் விலக உரிமை இருந்தாலும், அந்த நிபந்தனைக்கு ஒப்புக்கொண்டு கட்டிய பணத்தைப் பறிமுதல் செய்தது செல்லும் என்று தீர்ப்பானது.

ஆகவே நீங்கள் முன்பணம் கட்டியபோது தந்த ரசீதையும் நிபந்தனைகளையும் வரி வரியாகப் படியுங்கள். “ஏலம் எடுத்தவர் மீதித் தொகையைக் கட்டாவிட்டால் முன்பணம் பறிமுதல்” என்று மட்டும் இருந்தால் நீங்கள் அந்த ஆள் இல்லை. நீங்கள் ஏலம் எடுக்கவே இல்லை, பணம் திரும்ப வர வேண்டும். “கேட்ட விலையைத் திரும்பப் பெற்றால் முன்பணம் பறிமுதல்” என்று எழுதி, அதில் நீங்கள் கையெழுத்தும் போட்டிருந்தால், அந்த 5,000 போக வாய்ப்பு அதிகம். வெறுமனே “கேட்டதைத் திரும்பப் பெற முடியாது” என்று சுவரில் ஒட்டியிருந்தது என்றால் அதை வைத்துப் பறிமுதல் செய்வது கடினம். பணம் போகும் என்று அந்த வாசகம் சொல்லவே இல்லை.

இன்னொன்றும் விசாரியுங்கள். உங்களுக்கு முன் 38,000 கேட்டவர் யார்? விற்பவரே தன் ஆளை வைத்து விலையை ஏற்றும் உரிமை, அதை முன்னதாக அறிவித்திருந்தால்தான் உண்டு. அறிவிக்காமல் செய்திருந்தால் வாங்கியவர் அந்த விற்பனையையே ரத்து செய்யலாம். நீங்கள் வாங்கவில்லை என்பதால் உங்களுக்கு ரத்து செய்ய ஒன்றுமில்லை, ஆனாலும் இப்படிக் கடிதம் எழுதும் தரப்பிடம் இந்தக் கேள்வியைக் கேட்பது நல்லது. ஒருவர் மறுத்தார் என்பதால் மட்டும் அவர் விற்பவரின் ஆள் என்று முடிவுகட்டாதீர்கள்.

பதில் கடிதத்தில் உங்கள் வரிசை முக்கியம்: எந்தப் பொருள், எவ்வளவு கேட்டீர்கள், எந்தத் தருணத்தில் எந்த வார்த்தையில் விலகினீர்கள், அப்போது சுத்தியல் விழவில்லை, அதன் பிறகு ஏலக்காரர் முந்தைய நபரிடம் திரும்பினார். கடைசியாகச் சொன்னது உங்கள் பலமான சாட்சி. உங்கள் விலகலை அவர் காதில் வாங்கி ஏற்றுக்கொண்டதால்தான் அவர் அங்கே போனார். இதே ஏலத்தில் நீங்கள் தலையை மட்டும் ஆட்டியிருந்தாலோ, பக்கத்தில் இருப்பவரிடம் முணுமுணுத்திருந்தாலோ நிலைமை வேறு. ஏலக்காரர் கவனிக்கும்படி சொன்னால்தான் அது விலகல். அருகில் இருந்த இரண்டு பேரிடம் இப்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கூடத்தில் கேமரா இருந்தால் பதிவை அழிக்காமல் வைக்கும்படி அதே கடிதத்தில் கேளுங்கள், இத்தகைய பதிவுகள் சீக்கிரம் மேலெழுதப்பட்டுவிடும். நிபந்தனைகளின் பிரதி, ரிசர்வ் தொகை எழுதிய ஆவணத்தின் பிரதி இரண்டையும் கேளுங்கள். முன்பணத்துக்கு ஒரு தேதி குறித்து, எந்த வாசகத்தின் கீழ் பிடித்தார்கள் என்று எழுத்தில் பதில் கேளுங்கள். “முழுத் தீர்வாக முன்பணத்தை விட்டுக்கொடுக்கிறேன்” என்பது போன்ற தாள் எதையாவது நீட்டினால், வழக்கறிஞர் ஒருவர் பார்க்கும்வரை கையெழுத்துப் போடாதீர்கள்.