ஒரு வருடம் ஓட்டிய மின்சார ஸ்கூட்டர்: நிஜ ரேஞ்ச் எவ்வளவு?

கேள்வி: ஒரு வருஷம் ஓட்டினவங்க சொல்லுங்க, ரேஞ்ச், சார்ஜிங், சர்வீஸ் எல்லாம் எப்படி? விற்கப் போனால் விலை போகுமா?

என் வண்டியின் பேட்டரி 3 கிலோவாட் மணி. நிதானமாகத் தனியாக ஓட்டினால் கிலோமீட்டருக்கு 30 வாட் மணி செலவாகும். கணக்குப்படி 100 கி.மீ. பின்னால் ஆள் ஏறி, 60 கி.மீ. வேகத்தில் போனால் 40 வாட் மணி ஆகிவிடும், அப்போது 75 கி.மீ.தான். கடைசி 20 சதவீதத்தில் வண்டி இழுவையைக் குறைத்துவிடும், ஆகவே நம்பக்கூடியது 60 கி.மீ.

சார்ஜிங் தொல்லையே இல்லை, ராத்திரி வீட்டில் போட்டால் போதும். ஓடி வந்த சூட்டோடு மட்டும் போடாதீர்கள்.

சர்வீஸ்தான் தலைவலி. பிரேக், டயரை யாரும் பார்ப்பார்கள். மோட்டாரை இயக்கும் கன்ட்ரோலர் பழுதானால் கம்பெனி ஆள்தான் வரவேண்டும், உதிரிபாகம் வரும்வரை வண்டி சும்மா நிற்கும்.

விற்கும்போது வாங்குபவர் முதலில் பேட்டரியைத்தான் கேட்பார். சர்வீஸ் சென்டரில் பேட்டரி நிலை அறிக்கை வாங்கி வையுங்கள். அப்புறம், வாரண்டி அடுத்தவர் பெயருக்கு மாறுமா என்று வாங்கும்போதே பார்த்துவிடுங்கள்.