நீளமான மாடித் தளத்தின் விரிவு இணைப்புக்கு எவ்வளவு பொருள் வாங்க வேண்டும்?

கேள்வி: எங்கள் மாடித் தளம் 48 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் கொண்டது. நடுவில் 25 மி.மீ. இடைவெளியில் குறுக்காக ஒரு விரிவு இணைப்பு வருகிறது. அதன் இரு புறமும் 450 மி.மீ. ஆழமுள்ள இரட்டை பீம்கள் உள்ளன. கைப்பிடிச்சுவரின் உயரம் 90 செ.மீ., கனம் 20 செ.மீ. 10 மீட்டருக்கு ஒரு ஃபில்லர் போர்டும், 600 மி.லி. சீலன்ட் பொதி ஆறும் போதும் என்கிறார் கடைக்காரர். இது சரியா? இரண்டையும் இப்போதே வாங்கி வைத்துவிடலாமா?

பதில்: போதாது. கடைக்காரர் தளத்தின் அகலத்தை மட்டும் இணைப்பின் நீளமாக எடுத்துக்கொண்டிருக்கிறார். தளம் பிரியும் இடத்தில் கைப்பிடிச்சுவரும் பிரிந்தே நிற்க வேண்டும். இல்லையெனில் முதல் கோடையிலேயே சுவர் அந்த இடத்தில் தானாக வெடித்துப் பிரியும். ஆகவே சீலன்ட் செல்லும் வழி முழுவதையும் அளவு நாடாவால் தொடர்ந்து அளக்க வேண்டும். இரு சுவர்களுக்கும் இடையே தளத்தின் மேல் 9.6 மீட்டர் வருகிறது. ஒவ்வொரு பக்கத்திலும் சுவரின் உள்முகம் 0.9, தலைப்பகுதி 0.2, வெளிமுகம் 0.9, அதற்குக் கீழே பீமின் வெளி விளிம்பு 0.45 என 2.45 மீட்டர் வருகிறது. மொத்தம் 14.5 மீட்டர்.

சீலன்ட்டின் ஆழம் அகலத்தில் ஏறத்தாழப் பாதியாக இருக்க வேண்டும் என்பதால், 25 மி.மீ. இடைவெளிக்கு 12 மி.மீ. ஆழம் போதும். இரண்டையும் மில்லிமீட்டரில் பெருக்கினால் ஒரு மீட்டருக்கு எத்தனை மி.லி. என்பது நேரடியாகக் கிடைத்துவிடும்: 25 × 12 = 300. 14.5 மீட்டருக்கு 4.35 லிட்டர், சேதாரத்துக்குப் பத்து சதவீதம் சேர்த்தால் சுமார் 4.8 லிட்டர், அதாவது எட்டுப் பொதிகள். எடைக் கணக்கில் விற்கப்படும் சீலன்ட்டாக இருந்தால், உறையில் உள்ள அடர்த்தியால் லிட்டரைப் பெருக்கிக் கிலோவாக மாற்றிக்கொள்ளுங்கள்.

போர்டின் உயரத்தைத் தளத்தின் கனத்தை வைத்துக் கணக்கிடக் கூடாது. இரட்டை பீம்களின் அடிவரை அது இறங்க வேண்டும். மேலே சீலன்ட்டுக்கான 12 மி.மீ. போக 438 மி.மீ. உயரப் பட்டை தேவை. 2 மீ × 1 மீ அளவுள்ள 25 மி.மீ. கனப் போர்டு ஒன்றில் இத்தகைய இரண்டு மீட்டர் பட்டைகள் இரண்டுதான் கிடைக்கும். பத்து மீட்டருக்கு ஐந்து பட்டைகள் வேண்டுமாதலால் மூன்று போர்டுகள் தேவை. மூன்றாவதில் மிஞ்சும் துண்டிலிருந்து இரு கைப்பிடிச்சுவர்களுக்கும் வெட்டிக்கொள்ளலாம். மூடிய நுண்ணறைகள் கொண்ட பாலிஎத்திலீன் நுரைப் போர்டையே கேளுங்கள். தெர்மோகோல் ஒரு முறை நசுங்கினால் மீண்டும் விரியாது; தார் ஊறிய போர்டிலிருந்து கசியும் எண்ணெய் பல சீலன்ட்களுக்கு ஒவ்வாது.

சீலன்ட்டின் தரத்தை இணைப்பின் அசைவுதான் தீர்மானிக்கிறது. ஒவ்வொரு பகுதியும் 24 மீட்டர். கோடைப் பகலுக்கும் குளிர்ந்த விடியலுக்கும் இடையே கான்கிரீட்டின் வெப்பம் 40 டிகிரி மாறுவதாகக் கொண்டால், இணைப்பு மொத்தம் பத்தரை மி.மீ. அளவுக்குத் திறந்து மூடும். இடைப்பட்ட வெப்பநிலையில் பூசினால் அது இருபுறமும் சுமார் 5.3 மி.மீ., அதாவது அகலத்தில் 21 சதவீதம். உறையில் 25LM என்ற குறியீடு உள்ள சீலன்ட் 25 சதவீதம் வரை தாங்கும். அதையே உச்சிவெயிலில், இணைப்பு மிகக் குறுகியிருக்கும்போது பூசினால், குளிரில் பத்தரை மி.மீ. முழுவதும் இழுவிசையாகவே வரும். அதைத் தாங்க அதனால் முடியாது. வேலையைக் காலையிலேயே முடிக்கச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

போர்டின் மேல் முகத்தில் சீலன்ட் பற்றாத பாலிஎத்திலீன் நாடாவை ஒட்டிய பிறகே சீலன்ட் இட வேண்டும். சீலன்ட் இடைவெளியின் இரு பக்கக் கான்கிரீட் முகங்களை மட்டும் பற்ற வேண்டும். அடியிலும் பற்றிக்கொண்டால் நீள வழியின்றி நடுவில் கிழியும். நடுவில் கிழியாமல் ஓரத்தில் உரிந்து வந்தால், பெரும்பாலும் கான்கிரீட் முகத்தில் சிமென்ட் பால் படிவமோ ஈரமோ இருந்திருக்கும், அல்லது பிரைமர் விடுபட்டிருக்கும். கம்பித் தூரிகையால் தேய்த்த முகத்தில் விரலை இழுத்துப் பாருங்கள். விரலில் வெண்பொடி ஒட்டினால் இன்னும் தேய்க்க வேண்டும்.

போர்டை இப்போதே வாங்கலாம். முதல் பகுதி இறுகிய பின் அதன் முகத்தில் பதித்துத்தான் அடுத்த பகுதியைக் கொட்ட வேண்டும். சீலன்ட்டை மட்டும் இப்போது வாங்காதீர்கள். அதற்குக் காலாவதித் தேதி உண்டு, கான்கிரீட்டோ குறைந்தது 28 நாட்கள் உலர வேண்டும். மேலும் வேலை முடிந்தபின் இடைவெளி எல்லா இடத்திலும் 25 மி.மீ. ஆகவே நிற்கும் என்று சொல்ல முடியாது. 30 மி.மீ. ஆகிவிட்ட இடத்தில் ஆழம் 15 மி.மீ. வேண்டும், அங்கே மீட்டருக்கு 450 மி.லி. செலவாகும். மீட்டருக்கு ஓரிடமாக அளந்து குறித்துக்கொண்டு, அந்தச் சராசரியை வைத்துப் பொதிகளை வாங்குங்கள்.