திருடிய பொருளை ஏன் தூக்கி எறிகிறார்கள்?

"மெர்ட்டன் சொல்வதுபோல் பணத்துக்காகத்தான் திருட்டு என்றால், பையன்கள் திருடியதை ஏன் உடைத்துப் போடுகிறார்கள்? கோஹன் விளக்கம் பிடிபடவில்லை."

சமூகவியலாளர் மெர்ட்டன் தடுமாறும் இந்த இடத்தில்தான் இன்னொரு சமூகவியலாளரான ஆல்பர்ட் கோஹன் 1955-இல் தொடங்குகிறார். அவர் பார்வையில் பையன்களுக்குக் குறைவது பணமல்ல, மரியாதை. பள்ளி எல்லாரையும் நடுத்தர வர்க்க அளவுகோலால் அளக்கிறது: நேரந்தவறாமை, அடக்கம், நாளைய பலனுக்காக இன்று பொறுத்திருப்பது. உழைக்கும் வர்க்க வீட்டுப் பையனுக்கு இந்தப் பழக்கங்களில் பயிற்சி குறைவு. அதனால் வகுப்பில் கடைசியில் நிற்கிறான். கோஹன் இதை அந்தஸ்து விரக்தி என்கிறார்.

சரி, அப்புறம் என்ன? தனியாக இருந்தால் அவமானம்தான். அதே நிலையில் உள்ள நாலு பேர் சேர்ந்தால் அளவுகோலையே தலைகீழாக்கிவிடலாம். பள்ளி சொத்தை மதிக்கச் சொல்கிறது. எனவே ஜன்னலை உடைப்பவனுக்குக் கும்பலில் பெயர். திருடிய பேனாவை அவன் விற்பதில்லை, சாக்கடையில் எறிகிறான். எறிவதை மற்றவர்கள் பார்ப்பதுதான் ஆதாயம்.

ஒன்றைக் கவனியுங்கள்: பள்ளியின் மதிப்பீடுகள் அவனுக்குள்ளும் இருப்பதால்தான் எதிர்ப்பு இத்தனை மூர்க்கம் என்கிறார் கோஹன். என்னைக் கேட்டால் கோட்பாட்டின் சுவையான பகுதியே இதுதான்.

தேர்வில் விமர்சனம் கேட்டால் சைக்ஸ், மாட்சா (1957) எழுதுங்கள். பையன்கள் செய்ததற்குச் சாக்குச் சொல்கிறார்கள். மதிப்பீடுகளை முழுதாகப் புரட்டியிருந்தால் சாக்கு எதற்கு என்பது அவர்கள் வாதம்.